கூட்ஸ் ஷெட் படிகளில் ஒரு கடல்

மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைக் கொல்லையின் நடுவில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பது எனக்கு ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. வழுதாவூர்ப் பக்கத்தில் வெயில் ஏறிவிட்டால் காற்று அடங்கிவிடும். வரப்பில் உட்கார்ந்து, கையில் அகப்பட்ட கல்சிப்பியை, கல்லாகிப்போன பழங்காலச் சிப்பியை, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் தண்ணீர் நிற்பது மாதிரி இருக்கும். தூரத்துப் பனைகள் அடியிலிருந்து பார்க்கிற பாசிபோல மெதுவாக ஆடும். ஆடு மேய்க்கிறவர்களின் குரல் எங்கேயோ மேலேயிருந்து வரும். பசி மயக்கம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பாதி அதுவும்தான்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முந்தின வருஷங்கள் அவை. நான் திண்டிவனத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். மிஷன் பள்ளிக்கூடம் கைதூக்கிவிட்டதில் சென்னையில் கல்லூரி வரைக்கும் போய் நிலவியல் படித்துவிட்டு, அங்கேயே ஆராய்ச்சி மாணவன் என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அந்தப் படிப்பு ஒருவருக்கும் பிடிபடவில்லை. "கல்லு பொறுக்கறதுக்கா பட்டணம் போயி படிச்ச?" என்று அம்மா கேட்டாள். நான் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் அவளுக்குத் தூக்கம் வந்தது, எனக்குக் கோபம் வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவன் இருந்தான். மேல்சித்தாமூருக்குப் பக்கத்து ஊர், சமணக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் அவனுக்குச் சாப்பாடு கிடையாது. ஹாஸ்டலில் நாங்கள் விளக்கு வைத்துச் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான், ஒரு பருக்கை தொடமாட்டான். நான் முன்கோபி. அவனுக்குக் கோபம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றே தெரியாது. எங்கள் இருவருக்கும் எப்படி ஒட்டியது என்று பேராசிரியரே ஆச்சரியப்படுவார். ஒருமுறை அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன் அம்மா நான் கொண்டுபோயிருந்த கல்சிப்பிகளைத் தொடாமல் எட்ட நின்று பார்த்தார்கள்.

"ஏம்பா, இத்தினி உசுரும் ஒரே நாள்லயா போச்சி?" என்று கேட்டார்கள்.

"இல்லம்மா, தலமுற தலமுறயா செத்து அடுக்கடுக்கா படிஞ்சது" என்றேன். அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. என் ஆயுளில் நான் கொடுத்த நிலவியல் விளக்கங்களில் ஒருவரைச் சமாதானப்படுத்தியது அது ஒன்றுதான்.

எங்கள் ஆராய்ச்சி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அரியலூர்ப் பக்கத்தில் ஒரு பழங்கடலின் அடிமண் கல்லாகி வெளியே தெரிகிறது. வழுதாவூர்ப் பக்கத்திலும் அதே போலத் தெரிகிறது. நடுவில் விருத்தாசலத்துக்கு அருகே கொஞ்சம் தலைகாட்டிவிட்டு, மற்றபடி வண்டலும் செம்மண்ணும் மூடிக் கிடக்கிறது. அந்தப் பக்கத்து அடுக்குகளில் எது இந்தப் பக்கத்து எந்த அடுக்கோடு ஒரே காலத்தில் படிந்தது? அதுதான் கேள்வி. அவனுக்கு அரியலூர், எனக்கு வழுதாவூர் என்று பேராசிரியர் பிரித்துக் கொடுத்திருந்தார்.

அடுக்குகளைத் தொடர்ந்து நடந்துபோய்ப் பார்க்க முடியாது, மண்ணுக்குள் போய்விடுகின்றன. கல்லின் நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது. ஒரே கடலில் வெவ்வேறு காலத்தில் ஒரே மாதிரிச் சேறு படியலாம். மிஞ்சுவது உள்ளே இருக்கிற உயிர்கள்தான். அதிலும் எல்லாம் உதவாது. எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணம் எப்போது நடந்தது என்று கேட்டால், பெரும்புயல் அடித்த வருஷம் என்பார்கள். புயல் அந்த ஒரு வருஷம்தான் அடித்தது, ஜில்லா முழுக்க அடித்தது. அதனால் அது உதவும். அந்தக் கல்யாணத்தில் சோறு போட்டார்கள் என்று சொன்னால் என்ன தெரியும்? எல்லாக் கல்யாணத்திலும்தான் சோறு போடுகிறார்கள். கல்லுக்குள் இருக்கிற சிப்பியும் சாதாரண நத்தையும் அந்தச் சோறு மாதிரி, கீழ் அடுக்கிலும் வரும், மேல் அடுக்கிலும் வரும். கொஞ்ச காலமே வாழ்ந்து, ஆனால் கடல் முழுக்கப் பரவியிருந்த பிராணி எது என்று பார்த்து, அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு வாய்த்த பிராணி அம்மோனைட். ஆட்டுக்கடாக் கொம்புபோலச் சுருண்ட ஓடு, உள்ளே அறை அறையாகத் தடுப்பு. அதில் வகை வகையாக வந்து வந்து போயிருக்கின்றன, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வகை. அரியலூர்ப் பக்கத்தில் மேலே போகப் போக ஓரிடத்தில் அம்மோனைட் அடியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு மஞ்சள் சுண்ணாம்புக்கல். அதில் அம்மோனைட் ஒன்றுகூடக் கிடையாது. பதிலுக்கு நாட்டிலஸ் என்ற இன்னொரு சுருள் ஓட்டுப் பிராணி, அதிலும் தடுப்புச் சுவர்கள் ஆழமாக வளைந்த ஒரு வகை இருக்கிறது. அதை அந்த மேல் கல்லைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியாது.

பதினைந்து நாளுக்கு ஒரு தரம் நாங்கள் விழுப்புரம் ஜங்ஷனில் சந்திப்போம். அவன் திருச்சிக் குறுக்குப் பாதையான கார்டு லைன் வண்டியில் அரியலூரிலிருந்து ஒரு கோணிப்பை கல்லோடு வருவான். நான் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவேன். வழியில் புதுச்சேரியின் பிரெஞ்சு எல்லை குறுக்கும் நெடுக்குமாகப் போகும். சுங்கச் சாவடிச் சிப்பாய்க்கு என் பையில் சாராயம் இருக்கும் என்று ஆசை. கல்லைக் கண்டதும் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்கவே நான் நேராகப் போகாமல் சாவடி வழியாகப் போவதுண்டு.

ஜங்ஷனில் கூட்ஸ் ஷெட்டுக்கு ஏறுகிற ஒரு பக்கப் படிக்கட்டை அந்த நேரத்தில் யாரும் அதிகம் உபயோகிப்பதில்லை. அதில் கல்லைப் பரப்புவோம். அடிப்படியில் மிகப் பழைய அடுக்கின் கல், அதற்கு மேல் படியில் அதற்கு அடுத்தது, இப்படியே மேலே மேலே. ஒவ்வொரு படியிலும் இடது பக்கம் அவனுடையது, வலது பக்கம் என்னுடையது. ஒரே காலத்து அடுக்கு என்று தெரிந்தால்தான் இரண்டு கல்லும் ஒரே படியில் உட்காரலாம். என்னுடையதில் ஒரு அடுக்குக்கு அவன் பக்கத்தில் ஜோடி இல்லை என்றால் அந்தப் படியில் இடது பக்கம் காலியாக இருக்கும். அப்படி ஒழுங்காக வைத்துவிட்டு, கீழே நின்று பார்த்தால் மனசு எங்கேயோ போய்விடும். ரயில் புகை, மூட்டை வாசனை, தூக்குக் கூடைக்காரர்களின் சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் கடல் படிப்படியாக ஏறி நிற்கும். நாங்கள் இருவரும் பேசாமல் பீடி பிடிக்கிறவர்கள்போல நின்றுகொண்டிருப்போம். பீடி இல்லை, அவ்வளவுதான்.

"இன்னா சாமி, ஷெட்டு படியில கடை போட்டுக்கினீங்க? மூட்ட எறக்கணும், ஜல்தி எடுங்க" என்று போர்ட்டர் வந்து விரட்டுவார்.

மேல்படியில் இரண்டு பக்கமும் மஞ்சள் சுண்ணாம்புக்கல் இருந்தது. அவனுடைய ஆராய்ச்சிக் கட்டுரையே அந்த மேல்படிதான். அரியலூரின் உச்சி அடுக்கும் வழுதாவூரின் உச்சி அடுக்கும் ஒரே காலத்தவை, அம்மோனைட் அழிந்த பிறகு படிந்தவை என்று எழுதியிருந்தான். இரண்டு கல்லும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தன. இரண்டிலும் ஒரே நத்தை, ஒரே சிப்பி. என் பக்கத்தில் வளைந்த நாட்டிலஸ் கிடைக்கவில்லை, ஆனால் அம்மோனைட்டும் கிடைக்கவில்லை. அந்தக் கல்லைச் சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் வருஷக்கணக்காக வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மிஞ்சியிருந்தது கொஞ்சம். அதில் கிடைக்காதது இல்லாததுதான் என்று இருவரும் எடுத்துக்கொண்டோம்.

கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் இடம் காலியாகி, அவனைப் பேட்டிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கமிட்டி முன்னால் கட்டுரையைப் பற்றித்தான் கேட்பார்கள். அந்த வேலை கிடைத்தால் அவன் ஆயுசுக்கும் கல்லோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஊருக்குப் போய் குடும்பத்து நிலத்தையும் வியாபாரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். வேறு எதற்கும் அவன் அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. பேட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் விழுப்புரத்தில் சந்தித்து, அங்கிருந்து அவன் ராத்திரி வண்டியில் சென்னைக்குப் போவதாக ஏற்பாடு.

அன்றைக்கு முந்தின நாள்தான் நான் அந்தக் கல்லைப் பெயர்த்தேன்.

காளவாய்க்காரர்கள் புதிதாக ஒரு முகத்தை வெட்டியிருந்தார்கள். மஞ்சள் கல்லின் நடு உயரத்தில், நன்றாகப் பதிந்து, ஒரு சுருளின் துண்டு தெரிந்தது. உள்ளங்கை அகலம். உளியால் சுற்றிக் கொத்தி எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. எடுத்துத் துடைத்தேன். தடுப்புச் சுவர்கள் ஓட்டைத் தொடுகிற கோடு தெரிந்தது. அம்மோனைட்டில் அந்தக் கோடு கொத்தமல்லி இலையின் ஓரம் மாதிரி நுணுக்கமாக மடிந்து மடிந்து போகும். அந்த நாட்டிலஸில் பெரிய அலைபோல வளைந்து போகும். இதில் அலைபோலத்தான் இருந்தது. ஆனால் கல் நன்றாகத் தேய்ந்து போயிருந்தது. இலை ஓரம் தேய்ந்தாலும் கடைசியில் அலையாகத்தான் மிஞ்சும். அன்று முழுக்க அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு சாய்ப்பில் நாட்டிலஸ், ஒரு சாய்ப்பில் அம்மோனைட். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது.

மறுநாள் வண்டி தாமதமாக வந்தது. வெயில் மஞ்சளாகி ஷெட்டின் தகரத்தில் படுத்திருந்தது. அவன் இறங்கும்போதே தோளில் கல் பை, ஒரு கையில் பெட்டி, ஒரு கையில், வழியனுப்ப அரியலூருக்கே வந்திருந்த அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்ற அவசரம் நடையில் தெரிந்தது. நான் கல்லை நீட்டினேன். இதைச் சாப்பிட்ட பிறகு கொடுத்திருக்கலாம். எனக்கு அந்த இங்கிதம் எல்லாம் கிடையாது.

"இன்னாடா இது?"

"மஞ்சக் கல்லுலேருந்து பேத்தேன். மேல்படிக் கல்லு."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். கல்லை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். அவன் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன்.

"நாட்டிலஸா இருக்கலாம்டா" என்றேன். "இருந்துட்டா உனுக்குப் பெரிய சாட்சி."

"அம்மோனைட்டா இருந்துட்டா?"

அம்மோனைட்டாக இருந்தால் என் மஞ்சள் கல் அவனுடைய மஞ்சள் கல்லைவிடப் பழையது. இரண்டும் ஒரே காலம் என்ற அவன் பேச்சு மொத்தமும் கவிழ்ந்துவிடும்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. இந்த இரண்டு பிராணிக்கும் உள்ளே அறைகளைக் கோத்துக்கொண்டு ஒரு மெல்லிய குழாய் ஓடும். நாட்டிலஸில் அது தடுப்புச் சுவரின் உள்பாகத்தில், நடுவைச் சார்ந்து போகும். அம்மோனைட்டில் சுருளின் வெளி ஓரத்தை ஒட்டிப் போகும். ஓடு எவ்வளவு தேய்ந்தாலும் இது மாறாது. துண்டின் உடைந்த முனையை வழவழவென்று தேய்த்து, நனைத்துப் பார்த்தால் குழாயின் வாய் சின்ன வளையமாகத் தெரிய வேண்டும். ஆனால் கல் பொரபொரவென்று இருந்தது. தேய்க்கும்போது உதிர்ந்துவிட்டால் சாட்சியே போய்விடும்.

"உட்டுடலாம்டா" என்றேன். "பேட்டி முடியட்டும். அப்புறம் காலேஜ் மெஷின்ல பதமா அறுத்துக்கலாம். நாளைக்கி உன்ன இத்தப் பத்தி யாரும் கேக்கப் போறதில்ல."

"கேக்க மாட்டாங்க. ஆனா மேல்படியப் பத்திக் கேப்பாங்க இல்ல?" என்றான். "இன்னா சொல்றது? நேத்து வரிக்கும் தெரிஞ்சத சொல்றதா?"

தண்ணீர்க் குழாயடியில் துணி துவைக்கிற கருங்கல் ஒன்று கிடந்தது. அவன் அதில் ஆற்றுமணலைத் தூவி, தண்ணீர் விட்டு, கல்லின் முனையை வைத்து மெதுவாக வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தான். குழந்தைக்கு மருந்து இழைக்கிற மாதிரி இழைத்தான். ஷெட்டின் நிழல் குழாயடிக்கு வந்துவிட்டது.

"டேய், பொழுது போய்க்கினு இருக்குது. நீ இன்னும் துன்னல" என்றேன்.

"போவட்டும். வெளிச்சம் இருக்கறப்பவே இத்தப் பாத்துடணும்."

"துன்றது, தேய்க்கறது, ரெண்டுல ஒண்ணுதான்டா நடக்கும்."

"தெரியுது. நீ தண்ணி ஊத்து."

நான் கையால் அள்ளி அள்ளி ஊற்றினேன். மஞ்சள் பால்போலத் தண்ணீர் ஓடியது. அந்தப் பாலில் எத்தனையோ காலத்துக் கடல் கரைந்து விழுப்புரம் ஜங்ஷன் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மறுபடி அந்த மயக்கம் வந்தது. பிளாட்பாரத்து ஆட்களெல்லாம் தண்ணீருக்குள் நடக்கிறவர்கள் மாதிரி சத்தமில்லாமல் போனார்கள். அந்தச் சுருளுக்குள் இருந்த பிராணி இப்போதுதான் செத்ததுபோலவும், நாங்கள் இருவரும் அதைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பதுபோலவும் இருந்தது. கடவுளே, உதிர்ந்து போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, சிநேகிதன் அல்லவா.

கல் உதிரவில்லை. அவன் அதைத் தூக்கி, கடைசி வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான். ஈர முகத்தில் தடுப்புச் சுவரின் வெளிர்மஞ்சள் தெரிந்தது. நடுவில் ஒன்றுமில்லை. வெளி ஓரத்தில், ஓட்டை ஒட்டினாற்போல், கடுகு அளவுக்கு ஒரு கறுப்பு வளையம் இருந்தது.

"ஓரத்துலதான் இருக்குது" என்றான்.

நாங்கள் படிக்கட்டுக்குத் திரும்பிவந்து வழக்கம்போலக் கல்லை அடுக்கினோம். என் மஞ்சள் கல்லை அவனே மேல்படியிலிருந்து எடுத்து அடுத்த கீழ்ப்படியில், அம்மோனைட் இருக்கிற படியில் வைத்தான். மேல்படியில் அவன் கல் தனியாக இருந்தது. வலது பக்கம் வெறும் சிமெண்டு. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. யார் மேல் கோபம் என்று தெரியாததால் மூட்டை தூக்க வந்த போர்ட்டர் மேல் பாய்ந்துவிட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

அப்புறம்தான் எனக்கு அது உறைத்தது. வழுதாவூர்ப் பக்கத்தில் அடுக்குகள் எல்லாம் கிழக்கே பார்த்து லேசாகச் சரிந்திருக்கின்றன. பாயைச் சாய்த்துப் போட்டால் எப்படியோ அப்படி. ஆகையால் கிழக்கே போகப் போக இன்னும் இளைய அடுக்கு மேலே வர வேண்டும். மஞ்சள் கல்தான் உச்சி என்று முடிவுகட்டிவிட்டதால் நான் அதற்குக் கிழக்கே போகவேயில்லை. அதற்கு அப்பால் செம்மண் மேடுதானே என்று விட்டுவிட்டேன்.

"கிழக்கால பாக்கணும்டா" என்றேன். "செம்மண் மேட்டுக்கு முன்னாடி. உன்னோட அடுக்கு அங்க இருந்தாலும் இருக்கும்."

"இருக்கும்" என்றான். "இருக்கும்னு சொல்லிக்கினு கமிட்டி முன்னாடி நிக்க முடியாதே."

"பேட்டிக்குப் போவாத. நாளைக்கி என்னோட வா."

"கூப்ட்டிருக்காங்க, போவணும். இந்தக் கல்ல நானே எடுத்துக்கினு போயி மேசமேல வெக்கறேன்."

ராத்திரி வண்டிக்கு அவனை ஏற்றிவிட்டேன். அவன் அம்மாவின் பொட்டலம் பிரிக்காமலே பெட்டிமேல் இருந்தது. வெறும் வயிற்றோடு, மடியில் அந்தக் கல்லை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் விடியும்போதே நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு புறப்பட்டேன். பனி இறங்கியிருந்தது. வழுதாவூர் தாண்டி, மஞ்சள் கல் வெட்டுக்குப் போய், அங்கே சைக்கிளை ஒரு காளவாய்க் குடிசையில் போட்டுவிட்டு, கிழக்கே நடக்க ஆரம்பித்தேன். ஒரு ஓடை அந்தப் பக்கமாகப் போனது. அதன் கரையையே பிடித்துக்கொண்டேன். ஓடைக்கரை ஒரு திறந்த சுவர் மாதிரி, அடுக்குகளை மூடாமல் காட்டும். முதலில் மஞ்சள் கல் தரைமட்டத்தில் இருந்தது. கொஞ்சம் போனதும் மண்ணுக்குள் சரிந்து மறைந்தது. அதன் தலைமேல் மணற்கல் ஏறியது. அதற்குள் ஒன்றுமில்லை, உடைந்த சிப்பிதான். நடக்க நடக்க அதுவும் சரிந்து கீழே போனது. ஒவ்வொரு காலடிக்கும் காலம் கொஞ்சம் இளசாகிக்கொண்டு வந்தது. நான் அன்றைக்குக் கடலுக்குள்ளேயே நடந்தேன். பனிக்குள் எதிரே வந்த மாட்டுக்காரர் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

செம்மண் மேடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மணற்கல்லுக்கு மேல், மறுபடி மஞ்சள் சுண்ணாம்புக்கல் தலைகாட்டியது. முந்தினதோடு அப்படியே ஒட்டிப் பிறந்த ஜாடை. இப்படி ஜாடையைப் பார்த்துத்தானே ஏமாந்தோம் என்று எனக்கு எரிச்சல் வந்தது. கரையில் முழங்கால் போட்டு ஒவ்வொரு சாணாகப் பார்த்தேன். சிப்பி, நத்தை, சிப்பி. வெயில் நன்றாக ஏறிவிட்டது. கரையின் ஒரு வளைவில், கல்லுக்குள் பாதி புதைந்து, தேங்காய் மூடி அளவுக்கு ஒரு சுருள் இருந்தது. சுவர்க் கோடுகள் தேயாமல், பெரிய பெரிய வளைவாக, தெளிவாகத் தெரிந்தன. அவசரத்தில் உளி இரண்டு தரம் விரலில் பட்டது. பெயர்த்தபோது சுருளின் வாய்ப்பக்கம் ஒரு தடுப்புச் சுவரோடு சுத்தமாக விண்டு வந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். வெளி ஓரத்தில் ஒன்றுமில்லை. உள்ளே, நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி, வட்டமாக ஒரு துளை இருந்தது.

நான் அந்த ஓடையில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அவன் சாயங்கால வண்டியில் திரும்புவான், அது திண்டிவனத்தில் நிற்கும் என்று தெரியும். அடித்துப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து, புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். சைக்கிள் காளவாயிலேயே கிடந்தது. ஸ்டேஷனுக்கு வந்து பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒருவேளை வேலையும் கிடைத்து, கல்லும் கிடைத்து, எல்லாம் ஒரே நாளில் நடந்துவிட்டால் என்ன செய்வது என்றுகூட யோசித்தேன்.

வண்டி வந்தது. மூன்றாம் வகுப்பு ஜன்னல் ஒன்றில் அவன் முகம் தெரிந்தது. நான் ஓடினேன்.

"இன்னாடா ஆச்சு?"

"வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க."

"கல்ல வெச்சியா?"

"வெச்சேன். பாத்தாங்க. பாராட்டினாங்க. 'அப்ப உங்க உச்சி அடுக்கு அந்தப் பக்கம் எங்க?'ன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். அதோட முடிஞ்சிபோச்சி."

"எத்தினி மணி இருக்கும்?"

"பதினோரு மணி இருக்கும். ஏன்?"

நான் பையிலிருந்து சுருளை எடுத்து ஜன்னல் கம்பிக்குள் நீட்டினேன். அவன் வாங்கினான். முதலில் சுவர்க் கோட்டைப் பார்த்தான். பிறகு திருப்பி, உடைந்த முகத்தை நாக்கால் தொட்டு ஈரமாக்கி, வெளிச்சத்தில் பிடித்தான். அவன் தலை நிமிர நேரமாயிற்று.

"தரையில கெடந்ததப் பொறுக்கினியா, அடுக்குலேருந்து பேத்தியா?"

"பேத்தேன். ஓடைக்கரையில. அதுக்குக் கீழ மணக்கல்லு. மணக்கல்லுக்குக் கீழ நம்ம பழைய மஞ்சக் கல்லு. எல்லாம் வரிசையா இருக்குதுடா, நீயே வந்து பாக்கலாம்."

"எப்ப பேத்த?"

அவன் 'தெரியாது' என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் நான் ஓடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தே கணக்குப் போட்டுக்கொண்டான் என்று நினைக்கிறேன். திரும்பக் கேட்கவில்லை. நான் பிளாட்பாரத்தில் நின்றபடி, சுற்றிலும் ஜனங்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் விசித்து அழ ஆரம்பித்தேன்.

கார்டு ஊதிவிட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. அவன் கம்பி வழியாகக் கையை நீட்டி என் தோளைப் பிடித்தான்.

"நீ இன்னாத்துக்குடா அழுவற? வேலதான போச்சி. அடுக்கு கெடச்சிட்டுது இல்ல?" என்றான். சொல்லும்போதே அவனுக்கும் குரல் உடைந்துவிட்டது.

வண்டி நகர்ந்தது. நான் கொஞ்ச தூரம் கூடவே ஓடினேன். அவன் ஜன்னலைவிட்டு உள்ளே திரும்பி, எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு விவசாயியிடம் அந்தக் கல்லைக் காட்டி, துளையைத் தொட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.